சிறப்புப் பிள்ளைகளுக்கான அறக்கட்டளை: பெயர் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறக்கட்டளையின் பெயரைப் பலகையில் படிப்பவர்களைவிட வாயால் சொல்கிறவர்கள்தான் அதிகம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா ஒன்பது வயது மகனோடு ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார். "எங்கம்மா போகணும்?" என்கிறார் டிரைவர். "மனவளர்ச்சி குன்றியோர் கருணை இல்லம்" என்று அவர் சொல்ல நேர்ந்தால், வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் பையனைத் திரும்பிப் பார்ப்பார்கள். பையனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். கொஞ்ச நாளில் அந்த அம்மா பெயரை விட்டுவிட்டு, "தண்ணி டேங்க் பக்கத்துல இறக்கி விடுங்க" என்று சொல்லப் பழகிவிடுவார். பெற்றோர் பெயரைச் சொல்லாமல் பக்கத்துக் கட்டடத்தைச் சொல்லி வழி காட்டினால், வைத்த பெயர் தவறு என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

பெரும்பாலும் தவறு தொடங்குவது குறைபாட்டின் பெயரையே அறக்கட்டளைக்குச் சூட்டுவதில். "யாருக்காக நடத்துகிறோம் என்று பெயரிலேயே தெரிய வேண்டாமா, இல்லாவிட்டால் வரிவிலக்குக்கு இடைஞ்சல் வருமே" என்ற பயம்தான் இதற்குக் காரணம். அந்தப் பயம் தேவையில்லை. யாருக்கு என்ன சேவை என்பதைச் சொல்ல வேண்டிய இடம் அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கங்கள் பகுதி. வருமான வரிவிலக்குப் பதிவுக்கும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைப்பதற்கான அனுமதிக்கும் அங்கே எழுதியிருப்பதையும் செய்யும் பணியையும்தான் பார்ப்பார்கள். "2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ள குறைபாடுகள் உடையவர்களுக்குக் கல்வி, சிகிச்சைப் பயிற்சி, தொழிற்பயிற்சி அளித்தல்" என்று அங்கே விரிவாக எழுதிவிட்டால், பெயர் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

மருத்துவச் சொல்லைப் பெயரில் வைப்பதில் இன்னொரு ஆபத்து, அந்தச் சொல் சீக்கிரம் கெட்டுப்போகும். பிரிட்டனில் 1952இல் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, மூளை முடக்குவாதம் உள்ளவர்களைக் குறித்த 'ஸ்பாஸ்டிக்' என்ற சொல் பள்ளிக்கூடங்களில் வசவாகவே மாறிவிட்டதால், 1994இல் தன் பெயரை ஸ்கோப் என்று மாற்றிக்கொண்டது. சென்னையில் அதே சொல்லோடு தொடங்கிய ஓர் அமைப்பு இன்று வித்யா சாகர் என்ற பெயரில் இயங்குகிறது. நம் சட்டங்களிலும் இதைப் பார்க்கலாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருந்த 'மென்டல் ரிட்டார்டேஷன்' 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. அங்கே அது அறிவுசார் குறைபாடு. தமிழில் கூடுதலாக ஒரு குழப்பம் உண்டு. மனவளர்ச்சி என்று எழுத வேண்டிய இடத்தில் பலர் 'மனநலம் குன்றிய' என்று எழுதிவிடுகிறார்கள். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. பலகையில் அந்த ஒரு சொல் மாறிப்போனால் மனநல சிகிச்சை கேட்டு ஆட்கள் வருவார்கள். வர வேண்டிய பெற்றோர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

அடுத்தது கவிதைப் பெயர்கள். மலராத மொட்டுகள், சிறகில்லாப் பறவைகள், விடியாத இரவுக்கு ஒரு விளக்கு. பாசத்தோடுதான் வைக்கிறார்கள். ஆனால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: மலராத, இல்லா, விடியாத. எதிர்மறைப் பெயரெச்சம் முதலில் வந்து நிற்கிறது. பிள்ளையைப் பற்றிக் கேட்பவர் காதில் விழும் முதல் செய்தி, அவனிடம் இல்லாதது என்ன என்பது. பெயரில் 'ஆத', 'இல்லா', 'அற்ற', 'குன்றிய' இருந்தால் தயங்காமல் அடித்துவிடுங்கள். 'வாடா மலர்' கூட, பொருள் நல்லதாக இருந்தாலும், வாடுவதை நினைவூட்டித்தான் வாடாததைச் சொல்கிறது.

தெய்வக் குழந்தைகள், இறைவனின் செல்வங்கள் போன்ற பெயர்கள் இதற்கு மாற்று என்று தோன்றும். மாற்று இல்லை. தெய்வம் என்று சொல்லி உயரத்தில் உட்கார வைத்த பிள்ளைக்குப் பள்ளியில் சாய்தளம் கேட்பதும், கடைசி பெஞ்ச் வேண்டாம் என்று சண்டை போடுவதும் கடினம். தெய்வீக உடல் என்று பொருள் தரும் 'திவ்யாங்' என்ற இந்திச் சொல்லை மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பல எதிர்த்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

கருணை, இல்லம் இரண்டையும் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இவை நம் ஊர்ப் பழக்கத்தோடு சேர்ந்து வேலை செய்பவை. பலகையில் 'இல்லம்' என்று இருந்தால், அது பிள்ளைகள் தங்கும் இடம் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். காலை ஒன்பதரைக்கு வந்து மூன்றரைக்கு வீட்டுக்குப் போகும் பகல்நேர மையமாக இருந்தாலும், பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிடலாமா என்று கேட்டு வருவார்கள். 'கருணை'யும் கூட இருந்தால் பிறந்தநாள், திதி என்றால் பிரியாணிப் பொட்டலமும் பழைய துணி மூட்டையும் வரும். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பார்கள். பேச்சுப் பயிற்சியாளரின் மாதச் சம்பளத்துக்கு யாராவது உதவ மாட்டார்களா என்று மையம் தவித்துக்கொண்டிருக்கும். கொடுப்பவர் மேல் தப்பில்லை. பெயர் கேட்டதை அவர் கொடுக்கிறார். 'கற்றல் மையம்', 'பயிற்சி மையம்' என்று இருந்தால் என்ன கற்றுத்தருகிறீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும்.

'குழந்தைகள்' என்ற சொல்லையும் யோசித்து வையுங்கள். இன்று எட்டு வயதில் சேரும் பிள்ளைக்குப் பத்து வருடத்தில் பதினெட்டு முடிந்துவிடும். தொழிற்பயிற்சிப் பிரிவு அப்போது அதே அறக்கட்டளையில்தான் தொடங்கும். மீசை முளைத்த இளைஞர் தான் செய்த பையை விற்கும்போது லேபிளில் குழந்தைகள் அறக்கட்டளை என்று இருந்தால், வாங்குகிறவர் அவரைக் கொஞ்சத் தொடங்குவார்.

ஒரு பெயரை உருவாக்கிப் பார்ப்போம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சில பெற்றோர் சேர்ந்து பகல்நேர மையம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதலில் எழுதிய பெயர் 'கருணை மலர்கள் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் இல்ல அறக்கட்டளை'. மேலே சொன்னவற்றை அடித்தால் மிஞ்சுவது 'மலர்கள் அறக்கட்டளை'. குற்றமில்லை, ஆனால் அடையாளமும் இல்லை. ஊர்ப் பெயர்களுக்குப் போனால் மூன்று கிடைக்கின்றன. பாதிரி, திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த மரம். ஆனால் கேட்பவர் தேவாலயம் நடத்துவது என்று நினைப்பார். பெண்ணை, ஆற்றின் பெயர். பெண் பிள்ளைகளுக்கு மட்டுமா என்ற கேள்வி வரும். கெடிலம், ஊரின் நடுவே ஓடும் ஆறு. சொன்னவுடன் எல்லோருக்கும் தெரியும், எவர் மேலும் முத்திரை குத்தாது. 'கெடிலம் கற்றல் அறக்கட்டளை' என்று முடிவு செய்யலாம்.

அதோடு பத்திரம் எழுதக் கிளம்பிவிடக் கூடாது. ஆங்கில எழுத்தில் Gadilam, Gedilam, Kedilam என மூன்று விதமாகவும் எழுதுவார்கள். ஒன்றைத் தேர்ந்து, பத்திரத்திலேயே தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதி, பான் அட்டைக்கும் வங்கிக் கணக்குக்கும் எழுத்து பிசகாமல் அதையே கொடுக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் நன்கொடைக் காசோலை திரும்பக்கூடும். அதே பெயரில் வேறு அமைப்பு இருக்கிறதா என்று ngodarpan.gov.in தளத்தில் தேடுங்கள்; சார்பதிவாளர் அலுவலகம் உங்களுக்காக அதைத் தேடித் தராது. பதிவுக்குப் பிறகு பெயரை மாற்றினால் திருத்தப் பத்திரம், பான், வங்கி, வருமான வரிப் பதிவு என ஒவ்வொரு வாசலிலும் மறுபடி நிற்க வேண்டும்.

பதிவுக்கு முன் ஒரு வாரம் பெயரைப் புழங்க விடுங்கள். பேசக்கூடிய பிள்ளைகளிடம், "நான் கெடிலத்துல படிக்கிறேன்" என்று சொல்லச் சொல்லிக் கேளுங்கள். குறைபாடு உள்ள பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடமும் கேளுங்கள்; அவர்களில் ஒருவர் முகம் சுளித்தாலும் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலகை எழுதுபவரிடம் பெயரைப் பெரிதாகவும், அடியில் அரைப்பங்கு அளவில் 'மாற்றுத்திறனாளிகளுக்கான கல்வி, பேச்சுப் பயிற்சி, தொழிற்பயிற்சி' என்றும் எழுதச் சொல்லுங்கள். மையத்தைத் தேடி வரும் பெற்றோருக்கு அந்த இரண்டாம் வரி போதும். ஷேர் ஆட்டோவில் சொல்ல மேல் வரி மட்டும் போதும்.