நைரோபி வழியாகச் சென்னைக்கு: மஞ்சள் காய்ச்சல் சான்றிதழை ஆறு வாரத்துக்கு முன்பே சரிபார்ப்பது எப்படி

டர்பனிலிருந்து சென்னைக்குச் செல்லும் நம்மவர்களில் பலர், தடுப்பூசிச் சான்றிதழைப் பற்றி நினைப்பதே இல்லை. நினைக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் எழுவதில்லை. தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இல்லை, இந்தியாவும் இல்லை. ஜோகன்னஸ்பர்கிலிருந்து துபாய் வழியாகச் சென்னையில் இறங்குபவரிடம் மஞ்சள் அட்டை எனப்படும் இந்தச் சான்றிதழை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதே பயணத்தின் நடுவே கென்யாவில் ஐந்து நாள் தங்கினால் நிலைமை முற்றிலும் மாறிவிடும். புறப்படும் நாட்டையும் போய்ச் சேரும் நாட்டையும் மட்டும் பார்த்துவிட்டு, இடையில் உள்ள நாட்டை விட்டுவிடுவதால்தான் இந்த விஷயத்தில் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

இந்தப் பதிவில் ஒரு குடும்பத்தின் பயணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சரிபார்ப்போம். சாட்ஸ்வொர்த்தில் வாழும் நால்வர்: கணவர், மனைவி, எட்டு வயது மகள், அறுபத்தெட்டு வயது பாட்டி. டிசம்பர் 12 அன்று நைரோபியில் இறங்கி, உறவினர் திருமணத்தில் கலந்துகொண்டு, 17 அன்று அங்கிருந்து புறப்பட்டு 18 அன்று சென்னையை அடைகிறார்கள். ஜனவரியில் மறுபடியும் நைரோபி வழியாகவே திரும்புகிறார்கள். அப்போது இணைப்பு விமானத்துக்காக அங்கே 14 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

முதற்படி: பயணத்தை எல்லைகளாகப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் நீங்கள் கால் வைக்கும் ஒவ்வொரு விமான நிலையத்தையும் வரிசையாக எழுதி, எதிரே நாளையும் காத்திருக்கும் நேரத்தையும் குறியுங்கள். பிறகு ஒவ்வோர் எல்லைக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "நான் எங்கிருந்து வருகிறேன் என்று இந்த நாடு பார்க்கும்?"

நம் குடும்பத்துக்கு இதற்கான விடை இப்படி அமைகிறது. கென்யாவில் நுழையும்போது அவர்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்கள் என்பதால் சான்றிதழ் கேட்கப்படாது. சென்னையில் இறங்கும்போது அவர்கள் அபாயப் பட்டியலில் உள்ள கென்யாவிலிருந்து வருகிறவர்கள்; ஆகவே இந்தியா சான்றிதழ் கேட்கும், இல்லாதவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. வீடு திரும்பும்போது தென்னாப்பிரிக்காவும் கேட்கும். அபாயமுள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி வருபவர், ஒரு வயது நிரம்பியவராக இருந்தால், சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. காத்திருப்பு எட்டு மணி நேரமாக இருந்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திராது. ஆகவே பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே இதைப் பார்ப்பது நல்லது.

ஆறு நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் விதி எளிதாக நினைவில் நிற்கும். கொசு கடித்து வைரஸ் உடலில் புகுந்தபின், நோய்க்குறி தோன்ற பொதுவாக மூன்று முதல் ஆறு நாள் ஆகும். அந்தக் காலம் கடந்துவிட்டால் வந்தவர் நோயைச் சுமந்து வரவில்லை என்று கொள்ளலாம். இந்த வைரஸைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இந்தியாவில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நோய்தான் இன்னும் அங்கே நுழையவில்லை. இந்தியா இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். நைரோபி நகருக்குள் மட்டும் தங்குபவருக்கு நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு என்பதால், உடல்நலத்துக்காக இந்த ஊசி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அதைப் படித்துவிட்டு "ஊசி தேவையில்லை" என்று முடிவு செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவ ஆலோசனை நகரத்தைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. எல்லையில் உள்ள அலுவலரோ நாட்டைப் பார்க்கிறார். உங்களுக்கு இரண்டு விடைகளும் வேண்டும்.

இரண்டாம் படி: விதியை மூன்று இடங்களில் பாருங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் நாடு வாரியாக வெளியிடும் பட்டியலை முதலில் பாருங்கள். பிறகு போகும் நாட்டின் தூதரகமோ சுகாதார அமைச்சகமோ வெளியிட்டுள்ள அறிவிப்பைப் பாருங்கள். மூன்றாவதாக, உங்கள் விமான நிறுவனத்திடம் முழுப் பயண வழியையும் சொல்லிக் கேளுங்கள். செக்-இன் மேசையில் இருப்பவர் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்தே உங்களை ஏற்றலாமா என்று முடிவு செய்கிறார். அவர் மறுத்துவிட்டால் மற்ற இரண்டு இடங்களில் என்ன எழுதியிருந்தாலும் அன்று உங்களால் பறக்க முடியாது.

நண்பர் போன ஆண்டு போய்வந்த அனுபவத்தை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். தென்னாப்பிரிக்காவே 2015ஆம் ஆண்டில் ஜாம்பியாவிலிருந்து வருபவர்களிடம் சான்றிதழ் கேட்பதை நிறுத்தியது. பட்டியல்கள் அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் படி: பின்னோக்கி நாள் கணக்கிடுங்கள்

ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகத் தொடங்குகிறது. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக அவ்வளவு காலம் தேவைப்படுகிறது. டிசம்பர் 18 அன்று சென்னையில் இறங்கும்போது சான்றிதழ் உயிரோடு இருக்க வேண்டுமானால், டிசம்பர் 8க்குள் ஊசி போட்டிருக்க வேண்டும். நைரோபியில் இறங்கும் 12ஆம் தேதியிலேயே உடலுக்குப் பாதுகாப்பும் வேண்டுமானால், கடைசி நாள் டிசம்பர் 2.

அப்படியானால் நவம்பர் இறுதியில் போனால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் எல்லா மருத்துவரும் இந்த ஊசியைப் போட முடியாது. அரசு உரிமம் பெற்ற மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி நிலையங்கள் மட்டுமே போட்டுச் சான்றளிக்க முடியும். டிசம்பர் விடுமுறைக்கு முன் அவற்றில் நேரம் கிடைப்பது கடினமாகலாம். அதோடு இது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸால் ஆன ஊசி. தட்டம்மை ஊசி போன்ற இன்னொரு உயிருள்ள ஊசியை அதே நாளில் போடாவிட்டால், இரண்டுக்கும் இடையே நான்கு வார இடைவெளி விடுவதே வழக்கம். மகளுக்குப் பள்ளியில் நவம்பர் நடுவில் அப்படி ஓர் ஊசி போட்டிருந்தால் டிசம்பர் 8ஐப் பிடிக்கவே முடியாது. ஆகவே அக்டோபர் இறுதியிலேயே, அதாவது புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே, நிலையத்தை அழைத்துவிடுங்கள்.

(இந்த ஊசிக்குரிய 17டி வைரஸ் வகையை உருவாக்கி, அதற்காக 1951இல் நோபல் பரிசு பெற்ற மேக்ஸ் டைலர் பிரிட்டோரியாவில் பிறந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.)

நான்காம் படி: யாருக்கு ஊசி வேண்டும், யாருக்குக் கூடாது

கணவருக்கும் மகளுக்கும் சிக்கல் இல்லை. பாட்டியின் நிலை வேறு. அறுபது வயதைக் கடந்தவர் முதன்முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும்போது, அரிதாக என்றாலும், உள்ளுறுப்புகளைத் தாக்கும் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். ஆனால் பாட்டியிடம் பழைய மஞ்சள் அட்டை ஒன்று இருக்கிறது. 2009 மே 4 அன்று ஊசி போட்டதாகவும், 2009 மே 14 முதல் 2019 மே 13 வரை செல்லும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. காலாவதியாகிவிட்டது என்று எண்ணி மறுபடியும் ஊசிக்கு அழைத்துப் போக வேண்டாம். 2016 ஜூலை 11 முதல், சர்வதேசச் சுகாதார விதிகளின்படி இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். அந்த நாளுக்கு முன் வழங்கப்பட்ட அட்டைகளுக்கும் இது பொருந்தும். அந்தப் பழைய தேதியை அடித்து "ஆயுள் முழுவதும்" என்று எழுதிவிடாதீர்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகிவிடக்கூடும்.

கடினமான நிலை மனைவியுடையது. அவர் மூட்டழற்சிக்காக நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தை உட்கொள்கிறார். அத்தகையவருக்கு உயிருள்ள ஊசி கூடாது. இப்படிப்பட்டவர்களுக்கு, ஊசி போடக்கூடாத காரணத்தை மருத்துவர் எழுதிக் கையொப்பமும் முத்திரையும் இட்ட விலக்குச் சான்று உண்டு. ஆனால் அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் எந்த நாட்டுக்கும் இல்லை. ஏற்கும் நாடுகூட சில நாள் கண்காணிப்பு கேட்கலாம். ஆகவே விலக்குச் சான்றின் நகலை அனுப்பி, ஏற்பார்களா என்று இந்தியத் தூதரகத்திடம் எழுத்து வடிவில் முன்பே விடை பெறுவதே சரி.

விடை சாதகமாக வராவிட்டால், அவர் திருமணத்துக்குப் போகாமல் துபாய் வழியாக நேரே சென்னையில் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டு, அதே வழியாகத் திரும்பலாம். முதலில் சென்னை, பிறகு நைரோபி என்று வரிசையை மாற்றினால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் இந்தியாவின் கேள்வி மட்டுமே மறையும். கென்யாவிலிருந்து வீடு திரும்பும்போது அதே கேள்வியை ஜோகன்னஸ்பர்கில் கேட்பார்கள்.

ஐந்தாம் படி: நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அட்டையைப் படியுங்கள்

என் சித்தியின் அட்டையில் தடுப்பூசியின் பேட்ச் எண் எழுதப்படவில்லை. ஊசி போட்டு மூன்று வாரம் கழித்து, பெட்டி கட்டும்போதுதான் அதைக் கவனித்தோம். நிலையத்தின் பதிவேட்டில் எண் இருந்ததால் புதிய அட்டை கிடைத்தது; அதற்குள் அவருக்கு இரண்டு நாள் தூக்கமே இல்லை.

ஆகவே மேசையருகே நின்றுகொண்டே பாருங்கள். பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அப்பா பெயர் முன்னால், பின்னால் என்று மாறி எழுதும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் இதில் தனிக் கவனம் தேவை. நோயின் பெயர், ஊசியின் தயாரிப்பாளர், பேட்ச் எண், ஊசி போட்ட நாள் ஆகியவை இருக்க வேண்டும். மாதத்தை எண்ணாக எழுதாமல் எழுத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாள் எது, மாதம் எது என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகப் படிப்பார்கள். மருத்துவர் தம் கையால் இட்ட கையொப்பமும் நிலையத்தின் முத்திரையும் வேண்டும். முத்திரை மட்டும் போதாது.

நீங்களும் உங்கள் அட்டையில் கையொப்பமிட வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். மகளுக்குத் தனி அட்டை வேண்டும், அதில் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். குடும்பத்துக்கு ஒரே அட்டை என்பது செல்லாது.

போலி அட்டையை நாடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2012 மார்ச்சில், மஞ்சள் காய்ச்சல் அட்டைகள் உண்மையானவையா என்ற ஐயத்தால் 125 நைஜீரியர்கள் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். நைஜீரியாவும் பதிலுக்குத் தென்னாப்பிரிக்கர்களைத் திருப்பி அனுப்பியது. கடைசியில் தென்னாப்பிரிக்க அரசு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. எல்லையில் பேட்ச் எண்ணையும் முத்திரையையும் உற்றுப் பார்ப்பார்கள் என்பதோடு, ஐயம் எழுந்தால் உண்மையான அட்டை வைத்திருப்பவரும் சேர்ந்தே துன்பப்படுவார் என்பதும் அதில் தெரிந்தது.

கடைசிப் படி: புறப்படும் வாரம்

பயணத்துக்கு ஒரு வாரம் முன் விதியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். சுகாதார மேசை குடிநுழைவு வரிசைக்கு முன்பே இருக்கும், பெட்டி அதற்குப் பிறகுதான் கைக்கு வரும். பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது, தொலைந்தால் நிலையத்தில் மறுபடியும் எழுதி வாங்க உதவும். ஆனால் எல்லையில் அந்தப் படத்தை அட்டையாக ஏற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். சென்னையில் வேலை முடிந்தது என்று அட்டையை அங்கே தங்கிய வீட்டு அலமாரியில் விட்டுவிடவும் வேண்டாம். ஜனவரியில் நைரோபியில் 14 மணி நேரம் காத்திருந்து ஜோகன்னஸ்பர்கில் இறங்கும்போது அதே அட்டையை மறுபடியும் நீட்ட வேண்டியிருக்கும்.