யாருக்கும் அடிபடவில்லை என்பதால் அது 'நியர் மிஸ்' ஆகிவிடாது

போன மாதம், பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் காலையிலேயே ஒரு படிவத்தோடு என் மேசைக்கு வந்தார். முந்தைய இரவு கம்ப்ரஸர் அறையில் காற்றுத் தொட்டி வெடித்திருக்கிறது. தொட்டியின் அடிமூடியை இணைக்கும் வெல்டிங் பிளந்து, காற்று சீறிய வேகத்தில் அறைக் கதவே வளைந்துபோயிருக்கிறது. நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை. படிவத்தின் மேலே நான்கு கட்டங்கள்: விபத்து, சம்பவம், நியர் மிஸ், அபாயகரமான நிகழ்வு. அவர் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டிருந்தார்.

"ஏன் நியர் மிஸ்?" என்று கேட்டேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே சார்."

நானும் ஒரு காலத்தில் இதே பதிலை இதே உறுதியோடு சொன்னவன்தான். தேதி தப்பாக எழுதுவது, சாட்சியின் கையெழுத்தை மறப்பது போன்ற பிழைகளை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். கட்டத்தை மாற்றி டிக் போட்டால் அப்படித் திருத்த ஆள் கிடைக்காது. அந்தப் படிவம் யார் கைக்குப் போக வேண்டுமோ அவர் கைக்குப் போகவே போகாது.

நான்கையும் ஒரே ஏணியின் படிகளாக நினைப்பது

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் மனதில் ஒரு ஏணி இருக்கிறது. கீழ்ப்படியில் நியர் மிஸ், அதற்கு மேல் சம்பவம், அதற்கு மேல் விபத்து, உச்சியில் அபாயகரமான நிகழ்வு. நடந்தது எவ்வளவு பெரியது என்று பார்த்து ஏதோ ஒரு படியில் வைத்துவிடுகிறார்கள். எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த நான்கு சொற்களும் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல. விபத்தா, நியர் மிஸ்ஸா என்பது மனிதருக்கு என்ன ஆனது என்பதைப் பொறுத்தது. அடிபட்டால் விபத்து, அடிபட்டிருக்க வேண்டியது மயிரிழையில் தப்பினால் நியர் மிஸ். அபாயகரமான நிகழ்வு என்பது இயந்திரத்துக்கோ கட்டடத்துக்கோ தொட்டிக்கோ என்ன ஆனது என்பதைப் பார்ப்பது. அதற்குச் சட்டமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் தொட்டி வெடிப்பது, கிரேன், ஹாய்ஸ்ட் போன்ற தூக்கும் சாதனம் உடைவது அல்லது கவிழ்வது, தளமோ சுவரோ கூரையோ இடிந்து விழுவது போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கும்.

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், 1948-இல் விபத்துக்குப் பிரிவு 88, அபாயகரமான நிகழ்வுக்குப் பிரிவு 88ஏ என்று இரண்டையும் தனித்தனியாகவே வைத்தார்கள். 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் 10, 11 என்று இரண்டு பிரிவுகள். இரண்டு சட்டங்களிலும் அபாயகரமான நிகழ்வுக்கான பிரிவு, உடல் காயம் ஏற்பட்டாலும் ஏற்படாவிட்டாலும் தகவல் அனுப்ப வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆகவே 'யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்ற பதில் இந்தக் கட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. இன்னொன்று: ஒரே நிகழ்வு இரண்டாகவும் இருக்கலாம். கிரேன் கவிழ்ந்து ஒருவர் கால் முறிந்தால் அது விபத்தும்தான், அபாயகரமான நிகழ்வும்தான்.

அதனால் நான் கேட்கும் வரிசை இதுதான். முதலில் பட்டியலைத் திறந்து, நடந்தது அதில் இருக்கிறதா என்று பார். அப்புறம் ஆளைப் பார். பழக்கத்தில் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பட்டியலில் உள்ளதை நியர் மிஸ் அட்டையில் எழுதி முடிப்பது

எனக்கு இந்த வேலையில் அது இரண்டாவது வருடம். அச்சுகளைத் தூக்கி மாற்ற 2 டன் எலக்ட்ரிக் ஹாய்ஸ்ட் ஒன்று இருந்தது. இரண்டாவது ஷிஃப்டில் சுமார் 800 கிலோ அச்சு ஒன்றைத் தூக்கும்போது அதன் கம்பி ரோப் அறுந்து, அச்சு தரையில் விழுந்தது. கான்கிரீட்டில் குழி. ஆபரேட்டர் ரிமோட்டைப் பிடித்தபடி நான்கு மீட்டர் தள்ளி நின்றிருந்தார். யாருக்கும் கீறல்கூட இல்லை.

நான் நியர் மிஸ் அட்டையை எடுத்தேன். நான்கு வரிதான் அதில் இருக்கும். என்ன நடந்தது: ரோப் அறுந்தது. காரணம்: ரோப் பழையது. என்ன செய்யப்பட்டது: புது ரோப் மாற்றப்பட்டது. கையெழுத்து. அட்டை பெட்டிக்குள் போனது. அந்தப் பெட்டியை மாதத்துக்கு ஒருமுறை, பாதுகாப்புக் குழு கூடும்போதுதான் திறப்பார்கள். ஃபிட்டர் இரவோடு இரவாக ரோப்பை மாற்றிவிட்டார். அறுந்த ரோப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஸ்கிராப் தொட்டியில் போட்டாயிற்று. மறுநாள் காலை உற்பத்தி ஓடியது. வேலையைச் சுறுசுறுப்பாக முடித்துவிட்டோம் என்ற திருப்தி எனக்கு.

அந்த இரவு நான் பார்க்கத் தவறியது கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. கொக்கியைத் தாங்கும் பிளாக்கின் மேல் விளிம்பில் பெயின்ட் உரிந்து, விரல் அகலத்துக்குப் பளபளவென்று புது இரும்பு தெரிந்தது. பிளாக் உச்சிவரை ஏறிப் போய் ரோப் சுற்றும் டிரம்மின் அடியில் முட்டியிருக்கிறது. அதற்கு மேல் ஏற இடமில்லை. மோட்டாரோ இழுப்பதை நிறுத்தவில்லை. அப்படியானால் அறுவதைத் தவிர ரோப்புக்கு வேறு வழி கிடையாது. பிளாக் அங்கே போகும் முன்பே மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு மேல் லிமிட் ஸ்விட்ச் உண்டு. அதன் கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர்கள் பட்டனிலிருந்து கையை எடுக்காமல், ஒவ்வொரு முறையும் லிமிட் வரை ஏற்றி, அது தானாக நிற்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஆபத்துக்கு மட்டும் வேலை செய்ய வேண்டிய ஸ்விட்ச், நாளுக்கு ஐம்பது தடவை பிரேக்காக உழைத்துத் தேய்ந்துபோயிருந்தது.

அறுந்த முனைகளும் இதைச் சொல்லியிருக்கும். தேய்ந்து அறுகிற ரோப்பில் கம்பிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக, நீளத்தில் பல இடங்களில் உடைந்திருக்கும். தாங்க முடியாத இழுப்பில் அறுந்தால் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் உடையும். முனையில் ஒவ்வொரு கம்பியும் இழுபட்டு ஒல்லியாகியிருக்கும். முனைகள் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிகிற விஷயம். நாங்கள்தான் அவற்றை வெட்டிப் போட்டுவிட்டோமே!

ஆறு வாரம் கழித்து அதே ஹாய்ஸ்ட்டில் புது ரோப்பும் அறுந்தது. இந்த முறை உதவியாளர் ஒருவர் அச்சைக் கையால் நிதானப்படுத்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். இடது பாதத்தில் மூன்று விரல்கள் போயின.

விசாரிக்க வந்த ஆய்வாளர் பாதத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், "இந்த ஹாய்ஸ்ட்டில் இதற்கு முன் ஏதாவது நடந்ததா?" என்று கேட்டார். நான் அந்த நான்கு வரி அட்டையைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். இத்தனை வருடம் கழித்தும், ரோப் அறுந்த நிகழ்வை யாராவது நியர் மிஸ் என்று எழுதிக்கொண்டு வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி அந்த அட்டையின் மேல்தான்.

சரியான கட்டத்தில் டிக் போட்டிருந்தால் என்ன மாறியிருக்கும்? அப்போதைய சட்டப்படி, அபாயகரமான நிகழ்வு என்றால் தகவல் தொழிற்சாலை மேலாளர் பெயரில் ஆய்வாளருக்குப் போயிருக்க வேண்டும். ஆக மேலாளருக்கு அன்றே தெரிந்திருக்கும். ஆய்வாளர் வரக்கூடும் என்பதால் ரோப்பை வெட்டியிருக்க மாட்டார்கள். ஹாய்ஸ்ட்டைத் தகுதிபெற்ற பரிசோதகர் கடைசியாக எப்போது சோதித்தார் என்ற சான்றிதழைத் தேடி எடுத்திருப்பார்கள். மறுபடி ஓட்டும் முன் அவரை அழைத்திருப்பார்கள். அவர் சுமை இல்லாமல் கொக்கியை மெதுவாக மேலே ஏற்றி லிமிட் ஸ்விட்ச் வெட்டுகிறதா என்று பார்ப்பதிலிருந்துதான் ஆரம்பித்திருப்பார். ஒரு நிமிட வேலை. அந்த மூன்று விரல்களும் அந்த ஒரு நிமிடத்தில் இருந்தன.

நியர் மிஸ் அட்டையும் எழுதலாம், தவறில்லை. ஆனால் அது மற்ற படிவத்துக்கு ஈடாகாது.

காயத்தை முதல் நாளே எடைபோடுவது

இந்தியச் சட்டத்தில் மரணமோ, விபத்தைத் தொடர்ந்து 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாத காயமோ ஏற்பட்டால் தகவல் அனுப்ப வேண்டும். பிரிட்டனில் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி ஏழு நாளுக்கு மேல் என்ற கணக்கு. விபத்து நடந்த நாள் அதில் சேராது, விடுமுறை நாட்கள் சேரும். எந்தக் கணக்காக இருந்தாலும் அடிபட்ட அன்றே 'முதலுதவியோடு முடிந்தது' என்று மூடிவிட முடியாது. விரல் நசுங்கியவர் கட்டுப் போட்டுக்கொண்டு ஷிஃப்டை முடித்துவிட்டுப் போவார். மறுநாள் வீங்கிப்போய் வர முடியாமல் இருப்பார். அவர் திரும்பி வந்து தன் வேலையைச் செய்கிறாரா என்று பார்க்கும்வரை அந்தப் படிவத்தைத் திறந்தே வைத்திருங்கள். அடிபட்டவரைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவது கணக்கைத் திரிப்பது. அதைச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

தரையில் எண்ணெய் கிடப்பதை நியர் மிஸ் என்பது

அது பாதுகாப்பற்ற நிலை. அதில் ஒருவர் சறுக்கிக் கம்பியைப் பிடித்து நின்றால்தான் நியர் மிஸ்.

'சம்பவம்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் ஒன்றாகப் படிப்பது

ISO 45001:2018 என்ற பணியிடப் பாதுகாப்புத் தரநிலையில் சம்பவம் ஒரு குடைச்சொல். காயம் விளைந்ததும், விளைந்திருக்கக்கூடியதும் இரண்டுமே சம்பவம்தான். விபத்தும் நியர் மிஸ்ஸும் அதற்குள் அடக்கம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996 நடைமுறைத் தொகுப்பில் அதே சொல்லுக்குப் பொருள் சுருங்கிவிடுகிறது: காயமே இல்லாதது, அல்லது முதலுதவி மட்டும் போதுமானது. உங்கள் படிவம் எந்தப் பொருளில் கேட்கிறது என்று அதன் பின்பக்கத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள். சந்தேகம் வந்தால் 'சம்பவம்' என்று போட்டுத் தப்பிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

பாதுகாப்பு வால்வு திறந்ததற்கெல்லாம் தகவல் அனுப்புவது

இது எதிர்ப்பக்கத் தவறு. அழுத்தம் கூடியதும் வால்வு திறந்து காற்றை வெளியேற்றினால், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அழுத்தம் ஏன் கூடியது என்று தேடிப் பதிவேட்டில் எழுதுங்கள். பட்டியலில் இருப்பது தொட்டி வெடிப்பது.

அந்தப் பெண்ணின் படிவத்துக்கு வருகிறேன். நான் பட்டியலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். காற்றுத் தொட்டி பற்றிய வரியைத் தேடி அவரே விரல் வைத்தார். பிறகு என்னிடம் எதுவும் கேட்காமல் போனை எடுத்து மெயின்டனன்ஸை அழைத்தார். அங்கே தொட்டியை அறுத்து வெளியே எடுக்க கேஸ் கட்டரைக் கொண்டுவந்து பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். "அதைத் தொடாதீங்க, கதவையும் அப்படியே விடுங்க, நான் வர்றேன்" என்றார். படிவம் மேசையிலேயே கிடந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.