ட்ரூவா, ஃபால்ஸா, நாட் கிவனா? பாசேஜ்ல இருந்தே பதில் எடுக்கிற வழி (ஐயெல்ட்ஸ் ரீடிங்)

ஐயெல்ட்ஸ் ரீடிங்ல 3 பாசேஜ், 40 கேள்வி, 60 நிமிஷம், இதெல்லாம் தெரிஞ்சுதான் இங்க வந்திருப்பீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். எனக்கு ரொம்ப நாள் பிடிகொடுக்காம இருந்தது ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்விதான். இங்கிலீஷ் புரியாததால இல்ல, பாசேஜ் நல்லாவே புரியும். ஆனா ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் நடுவுல கோடு எங்க இருக்குன்னு தெரியாது. இப்ப நர்சிங் முடிச்சுட்டு எக்ஸாமுக்கு படிக்கிற சொந்தக்காரப் பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுக்கிறேன், அவங்களும் அதே இடத்துலதான் நிக்கிறாங்க. அதுலயும் மருந்து, நோய் பத்தின பாசேஜ் வந்தா கூடுதலா தப்பு பண்றாங்க, ஏன்னா அவங்களுக்கு அந்த விஷயம் ஏற்கனவே தெரியும், கண்ணு பாசேஜ்ல இருந்தாலும் பதில் மண்டையில இருந்து வந்துடுது.

அதனால பழகுறதுக்கு நம்மளுக்கு நல்லா தெரிஞ்ச விஷயத்தையே எடுத்துக்கலாம். தமிழ்லயே செய்யலாம், எந்த பாஷைனாலும் வேலை ஒண்ணுதான். மேட்டூர் அணை பத்தி நானே ஒரு சின்ன பத்தி எழுதியிருக்கேன், படிங்க.

"காவிரியின் குறுக்கே மேட்டூர் அணையைக் கட்டும் பணி 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அணையின் நீர்த்தேக்கத்துக்கு அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்டது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. டெல்டாவின் குறுவைச் சாகுபடிக்காக வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி அணை திறக்கப்படும். நீர் இருப்பு போதாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போயிருக்கிறது. 2022-இல் மே 24-ஆம் தேதி அணை திறக்கப்பட்டது."

இதுக்கு அஞ்சு வாக்கியம்:

1. மேட்டூர் அணையைக் கட்டி முடிக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.
2. ஜார்ஜ் ஸ்டான்லி மேட்டூர் அணையைத் திறந்து வைத்தார்.
3. குறுவைக்காக அணை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுகிறது.
4. கர்நாடகம் தண்ணீர் விடாததால் சில ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போனது.
5. ஜூன் 12-க்கு முன்பே அணை திறக்கப்பட்ட ஆண்டும் உண்டு.

கீழ படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல பதில் எழுதி வச்சுக்கோங்க.

முதல் ஸ்டெப்: வாக்கியத்துல எதை சோதிக்கணும்னு கண்டுபிடிங்க

நிறைய பேர் வாக்கியத்தைப் படிச்சதும் பெரிய எழுத்து பேரையும் நம்பரையும் பிடிச்சுக்கிட்டு பாசேஜுக்கு ஓடுறாங்க. பேரும் நம்பரும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் உதவும், பதில் அதுல இருக்காது. இரண்டாவது வாக்கியத்துல "ஜார்ஜ் ஸ்டான்லி"ங்கிறது இடம் காட்டுற வார்த்தை, சோதிக்க வேண்டியது "திறந்து வைத்தார்". மூணாவதுல இடம் காட்டுறது ஜூன் 12, சோதிக்க வேண்டியது "ஒவ்வோர் ஆண்டும்". நாலாவதுல சோதிக்க வேண்டியது "கர்நாடகம் தண்ணீர் விடாததால்"ங்கிற காரணம். அந்த சோதனை வார்த்தைக்கு மட்டும் பென்சில்ல ஒரு வட்டம் போடுங்க. எல்லாம், மட்டும், எப்பவும், முதல்முறை, அதைவிட அதிகம், அதனால, இந்த மாதிரி வார்த்தை இருந்தா பெரும்பாலும் வட்டம் அங்கதான் விழும்.

இரண்டாவது ஸ்டெப்: பாசேஜ்ல வரியைத் தொடுங்க

தொடுங்கன்னு நிஜமாவேதான் சொல்றேன், விரலை வைங்க. கேள்வி நம்பரை அந்த வரிக்குப் பக்கத்துல மார்ஜின்ல எழுதுங்க. விரல் வைக்க வரி இல்லாம ட்ரூ, ஃபால்ஸ் ரெண்டுமே போடக்கூடாது, இதுல விதிவிலக்கே கிடையாது. கம்ப்யூட்டர்ல எழுதுறவங்களுக்கு ஸ்க்ரீன்லயே ஹைலைட் பண்ற வசதி இருக்கு, அதைப் பழகிக்கோங்க. ஆனா வீட்ல பிராக்டிஸ் பண்றப்ப ஆரம்பத்துல பிரிண்ட் எடுத்து பென்சில்ல பண்றதுதான் எனக்குப் பிடிச்ச வழி. கலர் ஹைலைட்டர் வேண்டாம், பாதி பாசேஜ் மஞ்சளாயிடும், அப்புறம் எந்த வரி எந்த கேள்விக்குன்னு தெரியாது.

மூணாவது ஸ்டெப்: இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க

வரி கிடைச்சாச்சு. இப்ப உங்களையே ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பாசேஜ் வரி உண்மைன்னு வச்சுக்கிட்டா, இந்த வாக்கியம் என்ன ஆகும்? அது கண்டிப்பா உண்மையாத்தான் இருக்கணும்னா ட்ரூ. அது உண்மையா இருக்கவே முடியாதுன்னா ஃபால்ஸ். உண்மையாவும் இருக்கலாம் பொய்யாவும் இருக்கலாம், பாசேஜுக்கு அதுல ஒண்ணும் ஆகாதுன்னா நாட் கிவன். "சரியா தப்பா"ன்னு கேக்கிறதை விட்டுட்டு "ரெண்டும் ஒண்ணா நிக்க முடியுமா"ன்னு கேக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு இது தெளிஞ்சது.

மூணாவது வாக்கியத்துக்கு போட்டுப் பாக்கலாம். பாசேஜ் "வழக்கமாக"ங்குது, அதோட தள்ளிப்போன ஆண்டுகள் உண்டுன்னும் சொல்லுது. "ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 12"ங்கிறது இதோட சேர்ந்து நிக்கவே முடியாது, ஒண்ணு உண்மைன்னா இன்னொண்ணு பொய். அதனால ஃபால்ஸ்.

இப்ப இரண்டாவது. ஆளுநர் பேரை நீர்த்தேக்கத்துக்கு வச்சாங்க, அதுதான் பாசேஜ்ல இருக்கிறது. அவரே வந்து திறந்து வச்சிருக்கலாம், வேற யாராவது திறந்திருக்கலாம், ரெண்டுல எது நடந்திருந்தாலும் பாசேஜ் வரி அப்படியே நிக்கும். நாட் கிவன். வரலாறு படிச்சவங்க "அவர்தானே திறந்தாரு, எனக்குத் தெரியுமே"ன்னு ட்ரூ போடுவாங்க. வெளிய அது உண்மைங்கிறதுக்கு இங்க மார்க் கிடையாது, விரல் வைக்க வரி எங்கன்னு மட்டும்தான் கேள்வி.

நாலாவதுதான் ரொம்ப கஷ்டம், வேணும்னேதான் வச்சேன். காவிரி பிரச்சினை தெரியாத ஆள் நம்ம ஊர்ல இல்ல, பேப்பர்ல டிவில வருஷா வருஷம் பாக்கிறோம், அதனால கை தானா ட்ரூவுக்குப் போகும். ஆனா பாசேஜ்ல "நீர் இருப்பு போதாத ஆண்டுகளில்"னு மட்டும்தான் இருக்கு. ஏன் போதலன்னு ஒரு வார்த்தை இல்ல. மழை பொய்ச்சிருக்கலாம், மேல இருந்து தண்ணி வராம இருந்திருக்கலாம், ரெண்டுமே இருந்திருக்கலாம். நாட் கிவன். சிலர் "பாசேஜ் வேற காரணம் சொல்லுதே, அப்ப ஃபால்ஸ்தானே"ன்னு கேப்பாங்க. தண்ணி இருப்பு குறைஞ்சதும் கர்நாடகம் விடாததும் ஒண்ணோட ஒண்ணு மோதுற விஷயம் இல்லையே, ரெண்டும் ஒண்ணா நிக்கலாம், அதனால ஃபால்ஸ் இல்ல.

அஞ்சாவது ட்ரூ. "ஜூன் 12-க்கு முன்பே"ங்கிற வார்த்தை பாசேஜ்ல எங்கயும் கிடையாது, இருந்தாலும் மே 24 ஜூன் 12-க்கு முன்னாடி, வேற மாதிரி இருக்க வாய்ப்பே இல்ல. அதே வார்த்தை பாசேஜ்ல இருக்கணும்னு தேடுனா இதை நாட் கிவன்னு விட்டுடுவீங்க.

முதல் வாக்கியம்: 1925 ஜனவரியில ஆரம்பிச்சு 1934 டிசம்பர்ல முடிஞ்சதுன்னு எவ்வளவு இழுத்தாலும் பத்து வருஷத்துக்கு மேல போகாது. ஃபால்ஸ். கூட்டல் கழித்தல், காலண்டர் இந்த அளவுக்கு உங்க அறிவை எடுத்துட்டு வரலாம், அதுவும் இல்லாம எதையும் படிக்கவே முடியாதே. கொண்டு வரக்கூடாதது அந்த சப்ஜெக்ட் பத்தின தகவல்.

120 அடி வரியில கேள்வியே வரலைன்னு கவனிச்சிருப்பீங்க. நிஜ தாள்லயும் பல வரிகளுக்குக் கேள்வி இருக்காது, ஏதோ விட்டுட்டோம்னு பதறாதீங்க.

சேர்த்தது: "நாட் கிவன்னு முடிவு பண்றதுக்குள்ள முழு பாசேஜையும் நாலு தடவை தேடுறேன், டைம் போயிடுது"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தாங்க. இந்த வகை கேள்வில பதில்கள் பாசேஜ் வரிசையிலயே வரும், அதைப் பயன்படுத்துங்க. நம்ம உதாரணத்துல 3-க்கு விரல் வச்சது "வழக்கமாக" வரியில, 5-க்கு 2022 வரியில. அப்ப 4-க்கு பதில் இருந்தா அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கணும். அந்த இடத்தை நிதானமா ஒரு தடவை படிங்க, சோதனை வார்த்தையைப் பத்தி பேச்சே இல்லன்னா நாட் கிவன் போட்டுட்டு நகருங்க. அதனால சந்தேகமான கேள்வில உக்காராம முதல்ல அதுக்கு முன்னயும் பின்னயும் உள்ளதை முடிச்சுட்டு வாங்க. தப்பான பதிலுக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, காலியா மட்டும் விடாதீங்க. தலைப்பு பொருத்துற கேள்விக்கு இந்த வரிசை கிடையாது, அங்க இதை நம்பாதீங்க.

இன்னொண்ணு சேர்த்தது: யெஸ், நோ, நாட் கிவன்னு வர்ற கேள்வியும் இதேதானான்னு கேட்டாங்க. சோதனை அதேதான், ஆனா அங்க கேக்கிறது எழுதுனவரோட கருத்தை. "சில ஆராய்ச்சியாளர்கள் இப்படிச் சொல்கிறார்கள்"னு பாசேஜ்ல இருந்தா அது அந்த ஆராய்ச்சியாளர்கள் கருத்து, எழுதுனவர் அதை ஒத்துக்கிட்டாரா மறுத்தாரான்னு அடுத்த வரியில பாருங்க. ஒண்ணும் சொல்லாம போயிட்டாருன்னா நாட் கிவன்.

பிராக்டிஸுக்கு எக்ஸாம் நடத்துறவங்களே வெளியிட்ட பழைய தாள்களை மட்டும் எடுங்க. சுத்துல வர்ற பிடிஎஃப் சிலதுல விடையே தப்பா இருக்கு, அதுவும் ஃபால்ஸ், நாட் கிவன் ரெண்டையும்தான் மாத்தி வச்சிருக்காங்க, அதை வச்சுப் பழகுனா இருக்கிற தெளிவும் போயிடும். விடை பாக்கும்போது எத்தனை சரின்னு எண்றதோட விடாம, தப்பான ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "வரி இருந்தது, பாக்கல" இல்லன்னா "வரி இல்ல, நானா சேர்த்தேன்"னு எழுதுங்க. முதல் வகை அதிகம்னா தேடுறதுல வேலை செய்யணும், இரண்டாவது அதிகம்னா வட்டம் போடுறதுல.

கடைசியா, கோடிட்ட இடம் நிரப்புற கேள்வி. அங்க "பாசேஜ்ல இருந்து இரண்டு வார்த்தைக்கு மிகாம"ன்னு போட்டிருந்தா பாசேஜ்ல இருக்கிற அதே வார்த்தையை எழுத்துக்கூட்டல் மாறாம எடுத்து எழுதுங்க. அர்த்தம் சரியா இருந்தாலும் உங்க சொந்த வார்த்தை செல்லாது, ஒருமை பன்மை மாறுனாலும் மார்க் போயிடும். மூணு வார்த்தை எழுதுனாலும் அப்படித்தான், அதனால ஒவ்வொரு செட்டுக்கும் மேல இருக்கிற அந்த ஒரு வரியை முதல்ல படிங்க, செட்டுக்கு செட்டு அந்த எண்ணிக்கை மாறும்.