‘ஆப்’ போவதற்கு முன்பே மாறிவிடும் வினை

வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் இந்தியில் பேசிக்கொண்ட வாட்ஸ்அப் உரையாடலைத் தமிழாக்கினேன். இந்தியின் மரியாதைச் சொல்லான ‘ஆப்’ வந்தால் ‘நீங்கள்’, நெருக்கமான ‘தும்’ வந்தால் ‘நீ’ என்று வைத்தேன். நெருக்கம் திடீரென முளைத்ததுபோல் இருந்தது. இடையில் ‘அண்ணே’ சேர்த்துப் பார்த்தேன். மூலத்தில் இல்லாத உறவு நுழைந்தது. நாள்கணக்கில் இழுத்தது.

அப்புறம்தான் வினைமுற்றைக் கவனித்தேன். ‘நீங்கள் அனுப்புங்கள்’ என்னும் ‘ஆப் பேஜியே’ முதலில் ‘ஆப் பேஜோ’ ஆகிறது. மரியாதைப் பெயர் அப்படியே இருக்க, வினை மட்டும் ‘தும்’முக்கு உரியதாகிவிடுகிறது. பிறகுதான் ‘தும் பேஜோ’. டெல்லிப் பக்கம் இந்த நடுப்படி சகஜம்.

எனவே மூன்று படி வைத்தேன்: ‘நீங்கள் அனுப்புங்கள்’, ‘நீங்க அனுப்புங்க’, ‘நீ அனுப்பு’. முன்பணத் தகராறில் வீட்டுக்காரர் மறுபடி ‘பேஜியே’ என்றபோது ‘அனுப்புங்கள்’ போட்டேன், விலகல் தெரிந்தது. தமிழாக்கம் முழுக்கப் பேச்சுநடையில் இருந்தால் ‘நீங்கள்’, ‘நீங்க’ வேறுபாடு இராது, இந்த வழி உதவாது.