இரண்டே வகை நாணயத்தில் சில்லறை இல்லாமல் கொடுக்க

கையில் 5 அலகு, 8 அலகு நாணயங்கள் மட்டும் இருக்கின்றன. சரியாக 91 கொடுக்க வேண்டும். 5x + 8y = 91 என்று எழுதிவிட்டு x-க்கும் y-க்கும் கண்டபடி எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டாம். 5-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் கவனியுங்கள்.

91-இன் மீதி 1. ஐந்து அலகு நாணயங்கள் எத்தனை வைத்தாலும் மீதி மாறாது. ஆக அந்த 1-ஐ எட்டு அலகு நாணயங்கள்தான் தர வேண்டும். ஒரு 8-இன் மீதி 3. இரண்டு சேர்ந்தால் 16, மீதி 1. சரி, y = 2. மிச்சம் 75, அதற்கு பதினைந்து 5.

இன்னொரு வழி வேண்டுமா? எட்டு 5-ஐ எடுத்துவிட்டு ஐந்து 8-ஐ வையுங்கள், இரண்டுமே 40தான். அப்போது ஏழு 5, ஏழு 8. எனக்குப் பிடித்தது இதுதான், நாணயம் குறைவு. மறுபடி மாற்ற 5 போதாது. ஆகவே இந்த இரண்டு வழிகள் மட்டுமே.

27-ஐ இப்படிக் கொடுக்க முடியாது. மீதி 2 வர நான்கு 8 வேண்டும், அது 32 ஆகிவிடுகிறது. நான்கு 8 கொடுத்து ஒரு 5 திரும்ப வாங்கலாம். 28 முதல் எந்தத் தொகைக்கும் வழி உண்டு.

6, 9 போன்ற ஜோடியில் கவனம்: இரண்டும் 3-ஆல் வகுபடுவதால், 3-ஆல் வகுபடாத தொகைக்கு மீதிச் சில்லறை வாங்கினாலும் வழியில்லை.