பிளவுஸ் முதுகு நாடாவுக்கும் துப்பட்டா ஓரத்துக்கும் நூல் குஞ்சம் கட்டும் முறை

பிளவுஸின் முதுகில் தொங்கும் லட்கனில் மணி, முத்து, துணிப் பூ என்று எதைச் சேர்த்தாலும், பெரும்பாலும் அதன் அடிப்படை ஒரு நூல் குஞ்சம்தான். அந்தக் குஞ்சத்தை நாடாவோடு உறுதியாகப் பிணைக்கத் தெரிந்துவிட்டால் மற்றவை அலங்காரச் சேர்க்கைகளே. எனவே இங்கே நாடாவின் இரு முனைகளுக்கும் ஒரு ஜோடிக் குஞ்சம் கட்டுவதை முழுமையாகவும், அதையே சிறிதாக்கித் துப்பட்டா ஓரத்தில் வரிசையாகத் தைப்பதைச் சற்றுச் சுருக்கமாகவும் விளக்குகிறேன்.

தேவையானவை

வளையல் சுற்றப் பயன்படுத்தும் பளபளப்பான சில்க் திரெட், 7.5 செ.மீ. அகலமுள்ள கெட்டியான அட்டை, கழுத்தில் சுற்றுவதற்கு ஜரிகை நூல், ஊசி, கூரான கத்தரிக்கோல், தைத்து முடித்த நாடா ஆகியவை போதும். அடர்ந்த சிவப்பு, நீலம் போன்ற நிறங்களில் நூல் வாங்கினால், அதன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலை வெளிர்நிற உடையில் பயன்படுத்த வேண்டாம். கட்டி முடித்த பிறகு இதற்குப் பரிகாரம் இல்லை.

நூலைச் சுற்றுதல்

அட்டையின் அகலவாக்கில் நூலை 100 முறை சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு 15 செ.மீ. நூல் செலவாகும் என்பதால் ஒரு குஞ்சத்துக்கு 15 மீட்டரும், ஜோடிக்கு 30 மீட்டரும் தேவைப்படும். அட்டை வளையும் அளவுக்கு இழுத்துச் சுற்றினால், வெட்டியதும் இழைகள் சுருங்கிக் குஞ்சம் எதிர்பார்த்ததைவிடக் குட்டையாகிவிடும். ஆகவே நூல் அட்டையில் படிந்து நின்றால் போதும். இரண்டு குஞ்சங்களும் ஒரே பருமனில் அமைய வேண்டுமானால் சுற்றுகளை எண்ணியே ஆக வேண்டும். கண்ணளவில் விட்டால் வேறுபாடு முதுகில் பளிச்சென்று தெரியும்.

சுற்றி முடித்ததும் அட்டையின் ஒரு விளிம்பில் மட்டும் வெட்டுங்கள். இப்போது 15 செ.மீ. நீளமுள்ள 100 இழைகள் கொண்ட ஒரு கற்றை கிடைக்கும். அதைக் கலையாமல் மேசைமீது நேராகப் படுக்க வையுங்கள்.

நாடாவோடு பிணைத்தல்

கற்றையை நடுவில் மடித்துக் கட்டி, அதன் உச்சியில் நாடாவைத் தைத்துவிடுவது எளிய வழி. ஆனால் அப்படிச் செய்தால் குஞ்சத்தின் எடை முழுவதையும் இரண்டு மூன்று தையல்களே தாங்க வேண்டியிருக்கும்; நாடாவை முடிச்சிட்டு அவிழ்க்கும்போதெல்லாம் குஞ்சத்தைப் பிடித்துத்தான் இழுப்போம் என்பதால், அந்தத் தையல் விரைவில் விட்டுவிடும். நாடாவின் முடிச்சைக் குஞ்சத்தின் தலைக்குள் மறைத்துக் கட்டும் முறையையே நான் பரிந்துரைக்கிறேன்.

முதலில் நாடாவின் முனையில் ஒரு முடிச்சைப் போட்டு நன்றாக இறுக்குங்கள். குஞ்சத்துக்கு மேலே மணி வேண்டுமென்றால், அதை முடிச்சிடுவதற்கு முன்பே கோத்துவிட வேண்டும். துணி நாடா பல மணிகளின் துளையில் நுழையாது என்பதால் வாங்கும்போதே துளையைச் சரிபார்ப்பது நல்லது. பிறகு நாடாவை விரித்த கற்றையின்மீது நீளவாக்கில் வைத்து, கற்றையின் நடுப்பகுதி முடிச்சுக்குச் சற்று மேலே வருமாறு பொருத்துங்கள். இழைகளை நாடாவைச் சுற்றி நான்கு புறமும் சமமாகப் பரப்பிவிட்டு, முடிச்சுக்குச் சரியாக மேலே, கற்றையின் நடுவில், இரட்டை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். அதே நூலை ஊசியில் கோத்து நாடாவின் ஊடாக ஒருமுறை குத்தி எடுத்தால் கட்டு சுழலாது.

இனி நாடாவைப் பிடித்துத் தூக்குங்கள். கட்டுக்கு மேலே இருக்கும் பாதி இழைகளைக் குடையை மடக்குவதுபோல் கீழ்நோக்கி மடித்துவிட்டால், கட்டும் முடிச்சும் உள்ளே மறைந்து உருண்டையான ஒரு தலை தோன்றும். எங்காவது உள்கட்டு எட்டிப் பார்த்தால், இழைகள் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கின்றன என்று பொருள். கழுத்தைக் கட்டுவதற்கு முன்பே அவற்றை ஊசி முனையால் நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

கழுத்துச் சுற்று

குஞ்சம் கட்டுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஜரிகை நூலில் 40 செ.மீ. வெட்டி, அதன் ஒரு முனைப் பக்கத்தை வளையமாக மடியுங்கள். வளையம் கீழ்நோக்கியும், குட்டை முனை தலைக்கு மேலே நீட்டிக்கொண்டும் இருக்குமாறு அதைக் குஞ்சத்தின்மீது வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள். உள்முடிச்சுக்கு உடனடியாகக் கீழே தொடங்கி, நீண்ட முனையால் மேலிருந்து கீழாக, ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறாமல் எட்டு முதல் பத்துச் சுற்றுகள் இறுக்கமாகச் சுற்றுங்கள். வளையத்தின் நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும். அந்த நுனிக்குள் நீண்ட முனையை நுழைத்துவிட்டு, மேலே இருக்கும் குட்டை முனையை மெதுவாக இழுத்தால், வளையம் நீண்ட முனையைத் தன்னோடு சுற்றுகளுக்கு அடியில் கொண்டுசெல்லும். அது பாதித் தூரம் போனதும் நிறுத்தி, இரு முனைகளையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். வெளியே முடிச்சே தெரியாது, பசையும் தேவையில்லை.

இழுக்கும்போது வளையம் முழுவதுமாக மேலே வெளிவந்துவிட்டால் பிடி போய்விடும், மீண்டும்தான் சுற்ற வேண்டும். வளையம் அசையவே மறுத்தால் சுற்று அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. கழுத்து சரியாக அமைந்ததா என்பதை அறிய, தலையை ஒரு கையால் பிடித்து இழைகளைக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். சுற்று கீழே வழுக்கினால் அது தளர்வு. அதைப் பிரித்துக் கட்டுவதே வழி.

ஓரத்தைச் சீராக்குதல்

அட்டையில் மடிந்திருந்த இழைகள் சற்றுக் கலைந்து நிற்கும். குஞ்சத்தைக் கொதிக்கும் நீரின் ஆவியில் சில நொடிகள் தள்ளிப் பிடித்து, விரலால் நீவாமல் சீப்பால் வாரி, ஒரு காகிதத் துண்டை அதன்மீது இறுக்கமாகச் சுருட்டி ஆற விடுங்கள். ஆறியதும் காகிதத்தோடு சேர்த்துக் கீழ்முனையை ஒரே வெட்டாக வெட்டினால் ஓரம் சமமாக அமையும். காகிதமின்றி வெட்டினால் ஒரு பக்கத்தைச் சரிசெய்ய மறுபக்கம் குறைந்துகொண்டே போகும்.

துப்பட்டா ஓரத்துக்கு

துப்பட்டாவில் இதே அளவுக் குஞ்சங்களை வரிசையாகத் தைத்தால் எடை தாங்காமல் ஓரம் தொய்ந்துவிடும். 5 செ.மீ. அட்டையில் 35 சுற்றுகள் போதும். 90 செ.மீ. அகலமுள்ள துப்பட்டாவில், இரு மூலைகளிலும் 1.5 செ.மீ. விட்டு, 3 செ.மீ. இடைவெளியில் புள்ளி வைத்தால் ஓர் ஓரத்துக்கு 30 குஞ்சங்கள் வரும். ஒன்றுக்கு 3.5 மீட்டர் என்ற கணக்கில் 105 மீட்டர் நூலும், கட்டுவதற்குத் தனியாகச் சிறிது நூலும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒரே நிற நூலை ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். பின்னர் வாங்கும் கண்டில் நிறம் லேசாக மாறியிருக்கக்கூடும்.

இங்கே நாடா இல்லாததால், கற்றையின் நடுக்கட்டு நூலின் இரு முனைகளையும் 20 செ.மீ. நீளம் விட்டுவைத்து, இழைகளை மடித்துக் கழுத்தைச் சுற்றிய பின் அவற்றை உச்சியின் வழியே மேலே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த முனைகளை ஊசியில் கோத்து, ஓரத்தின் மடிப்புத் தையல் உள்ள பகுதியில் இரண்டு முறை குத்தி, மடிப்புக்குள்ளேயே முடிச்சிடுங்கள். மெல்லிய துணியின் ஒற்றை அடுக்கில் குத்தினால், குஞ்சம் எங்காவது மாட்டி இழுபடும்போது துணிதான் கிழியும். துணிக்கும் தலைக்கும் இடையில் சுமார் 3 மி.மீ. நூல் விட்டால் குஞ்சம் தாராளமாக ஆடும். முழுதும் ஒட்டித் தைத்தால் விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நிற்கும்.

தைக்கும்போது ஒரு முனையிலிருந்து வரிசையாக வராமல், முதலில் இரு மூலைகளையும் நடுப்பகுதியையும் தைத்துவிட்டு இடைவெளிகளை நிரப்புங்கள். புள்ளிகளில் சிறு பிழை இருந்தால் அதை இடைப்பட்ட குஞ்சங்களுக்குள் பகிர்ந்துவிட முடியும்.

இந்தச் சில்க் திரெட் பெரும்பாலும் ரேயான் இழையே. ரேயான் நனையும்போது வலுவிழக்கும் என்பதால் குஞ்சம் கட்டிய துப்பட்டாவைக் கையால் அலசி, குஞ்சங்களைப் பிழியாமல், அவை கீழ்நோக்கித் தொங்குமாறு நிழலில் உலர்த்துங்கள்.