வழக்கில் வென்ற பிறகு வரும் தவறுகள்

கொழும்பு புதுக்கடை மாவட்ட நீதிமன்றத்தில் பண வழக்கில் வென்றவர்கள் பலர், தீர்ப்பாணை வந்துவிட்டது, இனி நீதிமன்றமே பணத்தை வாங்கித் தரும் என்று காத்திருக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. நிறைவேற்றல் எழுத்தாணை கேட்டு நாம்தான் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்ததும், நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் பிஸ்கால் அலுவலர் கடனாளியிடம் முதலில் பணத்தைக் கேட்பார். தராவிட்டால் சொத்தைக் கைப்பற்றுவார். எந்தச் சொத்து என்பதைக் காட்ட வேண்டியவரும் நாமே.

ஒரு உதாரணம் பார்ப்போம். புறக்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு, வெள்ளவத்தை கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் 24 இலட்சம் ரூபா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகிறது. கடைக்காரர் அவசரத்தில் வாசலில் நின்ற லொறியைக் காட்டிக் கொடுக்கிறார். லொறியோ லீசிங்கில் எடுத்தது. லீசிங் கம்பனி உரிமை கோரி நீதிமன்றத்துக்கு வருகிறது, விசாரணை நடக்கிறது, லொறி திரும்பிப் போகிறது. அதற்குள் மாதங்கள் போய்விடும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் யார் என்று முதலிலேயே பார்த்திருக்கலாம். கடனாளியை நீதிமன்றத்துக்கு அழைத்து, என்ன சொத்து இருக்கிறது, யாரிடமிருந்து பணம் வரவேண்டும் என்று விசாரிக்கவும் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 219ஆம் பிரிவு இடம் தருகிறது. இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. தச்சனின் கருவிகள், உடுதுணி, படுக்கை போன்றவற்றைச் சட்டம் பாதுகாக்கிறது. அவற்றின் பின்னால் போவது வீண் அலைச்சல்.

அப்புறம் கடைக்காரர் ஒப்பந்தக்காரரின் வீட்டுக் காணியைக் கைப்பற்றச் செய்கிறார். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இங்கேதான் நடக்கிறது. கைப்பற்றல் அறிவித்தலை வீட்டில் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த அறிவித்தல் காணிப் பதிவகத்திலும் பதிவாக வேண்டும். பதிவான பிறகு கடனாளி காணியைத் தனியாக விற்றால், ஏலத்தில் வாங்குபவருக்கு எதிராக அந்த விற்பனை செல்லாது. பதிவு தாமதித்த அந்த இடைவெளியில் மைத்துனர் பெயருக்கு உறுதி எழுதி, அவர் அதை முதலில் பதிந்துவிட்டால் நம் நிலை பலவீனமாகிவிடும். அது கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த கைமாற்றம் என்று நிரூபிக்கத் தனியாக இன்னொரு வழக்குப் போட வேண்டி வரும்.

ஆகவே கைப்பற்றுவதற்கு முன் ஒருமுறை, அறிவித்தலைப் பதிந்த பின் ஒருமுறை, காணி ஏட்டின் பிரதியை எடுத்துப் பாருங்கள். வங்கியின் அடமானம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், ஏலத்தில் எடுப்பவர் அந்தச் சுமையோடுதான் எடுக்க நேரும். விலை இறங்கும், நம் 24 இலட்சமும் முழுதாக வராது. அந்த நிலையில் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டிய கட்டட உரிமையாளருக்கு, அந்தப் பணத்தை அவரிடம் கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றத்தின் மூலம் தடை அறிவித்தல் அனுப்புவதே விரைவான வழி.


தீர்ப்பாணையிலிருந்து 10 ஆண்டுகள் கடந்தால் எழுத்தாணை கேட்பதற்கான வாசலும் பொதுவாக மூடிவிடும்.